இரவுக் கணக்கு இடிக்கும்போது: காசாளர் வாரி, ஷிப்ட் வாரி ரொக்க வித்தியாச அறிக்கை

மூன்று கவுண்ட்டர், இரண்டு ஷிப்ட் உள்ள ஒரு நடுத்தர சூப்பர் மார்க்கெட்டை எடுத்துக்கொள்வோம். இரவு பத்தரை மணி. எல்லாக் கல்லாப்பணத்தையும் எண்ணிக் கூட்டியாயிற்று. கம்ப்யூட்டர் சொல்லும் தொகையைவிட 21 ரூபாய் குறைகிறது. இரண்டரை லட்சத்துக்கு மேல் ரொக்கம் புழங்கிய நாளில் 21 ரூபாய் ஒரு பொருட்டா என்று மேலாளர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார்.

அந்த 21 ரூபாய்க்கு அடியில் அன்று நான்கு பெரிய வித்தியாசங்கள் இருந்தன. ஒரு கல்லாவில் 1,245 ரூபாய் அதிகம், இன்னொன்றில் 1,260 ரூபாய் குறைவு, வேறு இரண்டில் ஐந்நூறு ஐந்நூறாக ஏற்ற இறக்கம். கூடுதலும் குறைவும் ஒன்றையொன்று தின்றுவிட்டதால் மொத்தத்தில் எதுவும் தெரியவில்லை. இந்த அத்தியாயம் முழுவதும் அந்த ஒரு நாளை வைத்தே நகரும். மொத்தத் தொகையை மட்டும் பார்க்கும் பழக்கத்தை விட்டு, காசாளர் வாரியாகவும் ஷிப்ட் வாரியாகவும் வித்தியாசத்தை எழுதி, அதைப் படித்து, காரணத்தைக் கண்டுபிடிப்பதுதான் இங்கே கற்கவேண்டிய வேலை.

ஒரு வரி என்பது யாருடைய பொறுப்பு?

அறிக்கையின் ஒவ்வொரு வரியும் ஒரு காசாளர், ஒரு ஷிப்டில், ஒரு கல்லாவைக் கையாண்ட காலத்தைக் குறிக்கவேண்டும். இந்த மூன்றில் ஒன்று கலைந்தாலும் வரிக்குப் பொருள் போய்விடும். சாப்பிடப்போன காசாளரின் இடத்தில் இன்னொருவர் அதே லாகினில் பத்து பில் போட்டால், இரவு வரும் வித்தியாசத்துக்கு இருவருமே பொறுப்பு. அதாவது யாருமே பொறுப்பில்லை.

அதனால் அறிக்கை தயாரிக்கத் தொடங்குமுன் இரண்டு ஏற்பாடுகள் வேண்டும். ஒவ்வொரு காசாளருக்கும் தனி லாகினும் தனி பாஸ்வேர்டும் இருக்கட்டும். ஷிப்ட் மாறும்போது காலைக் காசாளரின் பணம் முழுவதையும் எடுத்து எண்ணி மூடிவிட்டு, மாலைக் காசாளருக்குச் சில்லறைத் தொகையைப் புதிதாகக் கொடுங்கள். கல்லாவை அப்படியே கை மாற்றிவிடுவது வேகமான வழிதான். ஆனால் காலையில் நடந்த தவறு மாலைக் காசாளரின் தலையில் விழுவது அந்த வழியில்தான். இட்லித்தட்டு போலப் பிரிவுகள் உள்ள கல்லாத் தட்டு கவுண்ட்டருக்கு இரண்டாக இருந்தால், ஒன்றை உருவி இன்னொன்றைச் செருக ஒரு நிமிடம்கூட ஆகாது. எண்ணும் வேலையைப் பிறகு அலுவலகத்தில் உட்கார்ந்து நிதானமாகச் செய்யலாம்.

சாப்பாட்டு இடைவேளைக்கு வேறொருவர் உட்காரவேண்டியிருந்தால் அவர் தன் லாகினில், தன் தட்டோடு உட்காரவேண்டும். அதற்கு ஆளோ தட்டோ இல்லாத கடையில், அந்த அரை மணிக்குக் கவுண்ட்டரை மூடிவைப்பதே மேல்.

இருக்கவேண்டிய ரொக்கம்

வித்தியாசம் என்பது இரண்டு எண்களுக்கு இடையிலான தூரம்: கல்லாவில் இருக்கவேண்டியது, கல்லாவில் இருப்பது. முதல் எண்ணைத் தவறாகக் கணக்கிட்டுவிட்டு இரண்டாவதை நான்கு முறை எண்ணும் கடைகள் நிறைய உண்டு.

இருக்கவேண்டிய ரொக்கம் சில்லறைத் தொகையில் தொடங்குகிறது. அதோடு ரொக்க விற்பனையைக் கூட்டவேண்டும். வாடிக்கையாளர் பழைய பாக்கியைக் கவுண்ட்டரில் ரொக்கமாகக் கட்டியிருந்தால் அதையும் கூட்டவேண்டும். விற்பனை அறிக்கையில் அது வராது என்பதால் இதை மறப்பவர்கள் அதிகம். பிறகு கழிக்கவேண்டியவை: பொருளைத் திருப்பித் தந்தவருக்குக் கொடுத்த ரொக்கம், தண்ணீர் கேனுக்கோ ஏற்றுக்கூலிக்கோ வவுச்சர் போட்டுக் கல்லாவிலிருந்து கொடுத்த செலவு, ஷிப்டின் நடுவே பெட்டகத்துக்கு எடுத்துப்போன பணம்.

எக்ஸெலில் ஒரு வரிக்கு ஒரு காசாளர்-ஷிப்ட் என்று வைத்து, A முதல் M வரை இந்த வரிசையில் எழுதலாம்: தேதி, ஷிப்ட், கவுண்ட்டர், காசாளர் எண், சில்லறைத் தொகை, ரொக்க விற்பனை, பாக்கி வசூல், ரிட்டர்ன், வவுச்சர் செலவு, பெட்டகத்துக்குப் போனது, இருக்கவேண்டியது, எண்ணியது, வித்தியாசம். கடைசி மூன்றில் எண்ணியதை மட்டும் கையால் எழுதவேண்டும். மற்ற இரண்டுக்கும் சூத்திரம் இது:

```
K2:  =E2+F2+G2-H2-I2-J2
M2:  =L2-K2
```

வித்தியாசம் மைனஸில் வந்தால் குறைவு; ப்ளஸில் வந்தால் கூடுதல். நம் உதாரண நாளில் முதல் கவுண்ட்டரின் மாலை ஷிப்டைப் பார்ப்போம். சில்லறைத் தொகை 3,000 ரூபாய், ரொக்க விற்பனை 96,455 ரூபாய். பாக்கி வசூல் இல்லை. ரிட்டர்ன் 640, வவுச்சர் 600, எட்டு மணிக்குப் பெட்டகத்துக்கு எடுத்தது 40,000. ஆகவே கல்லாவில் 58,215 ரூபாய் இருக்கவேண்டும்.

ரொக்க விற்பனையை எந்த அறிக்கையிலிருந்து எடுக்கிறீர்கள் என்பதில் கவனம் தேவை. பில் தொகையை முழு ரூபாய்க்கு ஏற்றி இறக்கும் 'ரவுண்ட் ஆஃப்' வரிக்குப் பிந்தைய தொகைதான் வேண்டும். 25 பைசாவும் அதற்குக் கீழான நாணயங்களும் 2011 ஜூன் இறுதியோடு செல்லாததாகிவிட்டன. 50 பைசா செல்லுபடியானாலும் கவுண்ட்டரில் கண்ணில் படுவதில்லை. பைசா பில்லில் இருக்கும், கல்லாவில் இருக்காது. பொருள் வாரி விற்பனை அறிக்கையிலிருந்து தொகையை எடுத்தால், எல்லாக் காசாளருக்கும் எல்லா நாளும் சில ரூபாய் இடித்துக்கொண்டே இருக்கும். அப்படி அனைவருக்கும் ஒரே மாதிரி சிறிய வித்தியாசம் வந்தால் கல்லாவைத் தேடாதீர்கள், அறிக்கையை மாற்றுங்கள்.

முதலில் எண்ணு, பிறகு பார்

காசாளர் தன் பணத்தை எண்ணி எழுதிக் கையெழுத்திடும்வரை, கம்ப்யூட்டர் சொல்லும் தொகை அவர் கண்ணில் படக்கூடாது. இந்த ஒரு விதியைக் கடைப்பிடிக்காத கடையில் வித்தியாச அறிக்கை வெறும் காகிதம். 58,215 என்று முன்கூட்டியே தெரிந்தவர், எண்ணிக்கை 58,215-க்கு வரும்வரை எண்ணுவார். கூடுதலாக இருந்தால் அதை எடுத்து வைத்துக்கொள்ளும் சபலமும் அங்கேதான் வருகிறது. பெரும்பாலான பில்லிங் மென்பொருள்களில் காசாளர் லாகினுக்கு ஷிப்ட் தொகையை மறைக்க வசதி உண்டு. இல்லையென்றால் 'ஷிப்ட் க்ளோஸ்' அறிக்கையை சூப்பர்வைசர் லாகினில் மட்டும் எடுங்கள்.

வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் நிறுத்திவைத்த பில்களை முடிக்கவோ ரத்து செய்யவோ வேண்டும். பிறகு காசாளர், சூப்பர்வைசர் முன்னிலையில், 500, 200, 100, 50, 20, 10, நாணயம் என்று நோட்டு விவரச் சீட்டில் எண்ணிக்கையை எழுதவேண்டும். மொத்தத்தை மட்டும் எழுதினால் பிறகு தவறு தேட வழியில்லை; எத்தனை நோட்டு என்பதுதான் துப்பு. இருவரும் கையெழுத்திட்ட பிறகே கம்ப்யூட்டர் அறிக்கை. வித்தியாசம் இருந்தால், அந்தத் தட்டு வேறு பணத்தோடு கலப்பதற்கு முன் ஒரே ஒரு முறை, இம்முறை சூப்பர்வைசர் எண்ணவேண்டும். முதல் எண்ணிக்கையை அடித்துத் திருத்தக்கூடாது. இரண்டாவதைப் பக்கத்தில் எழுதவேண்டும்.

அன்றைய அறிக்கை

உதாரண நாளின் ஆறு வரிகள் இவை. ஒவ்வொரு வரியும் ஒரு காசாளர்.

| கவுண்ட்டர், ஷிப்ட் | இருக்கவேண்டியது (ரூ.) | எண்ணியது (ரூ.) | வித்தியாசம் (ரூ.) |
|---|---|---|---|
| ஒன்று, காலை | 41,860 | 41,848 | −12 |
| ஒன்று, மாலை | 58,215 | 59,460 | +1,245 |
| இரண்டு, காலை | 38,430 | 37,930 | −500 |
| இரண்டு, மாலை | 52,075 | 52,575 | +500 |
| மூன்று, காலை | 29,644 | 29,650 | +6 |
| மூன்று, மாலை | 47,310 | 46,050 | −1,260 |
| மொத்தம் | 2,67,534 | 2,67,513 | −21 |

கடைசி வரியை மட்டும் பார்த்தவர் 21 ரூபாயைப் பார்த்தார். மேலே உள்ள வரிகளைப் பார்ப்பவருக்கு மூன்று கேள்விகள் எழும். 12 ரூபாயும் 6 ரூபாயும் சில்லறை கொடுத்து வாங்குவதில் வரும் வழுவல். அவற்றைப் பதிந்துவிட்டு விட்டுவிடலாம். மற்ற நான்கு வரிகளை ஒவ்வொன்றாக எடுப்போம்.

கூடுதல் 1,245: பணம் வந்த வழி மாறியது

கூடுதலைப் பார்த்ததும் மகிழ்வது தவறு. ரொக்கம் கூடியிருந்தால் முதலில் அதே காசாளரின் கார்டு, யூபிஐ தொகைகளைப் பாருங்கள். அன்று முதல் கவுண்ட்டர் மாலை ஷிப்டில் பில்லிங் கணக்குப்படி யூபிஐ வசூல் 36,720 ரூபாய். அந்தக் கவுண்ட்டரின் க்யூஆருக்கு உண்மையில் வந்தது 35,475 ரூபாய். இங்கே 1,245 குறைவு, அங்கே 1,245 கூடுதல். ஒரே தொகை எதிரெதிர்க் குறியோடு இரண்டு இடத்தில் வந்தால், வாடிக்கையாளர் ஒரு வழியில் கொடுத்த பணத்தைக் காசாளர் இன்னொரு வழியில் பதிந்திருக்கிறார் என்று பொருள்.

உறுதிப்படுத்த அந்த ஷிப்டின் யூபிஐ பில்களில் 1,245 ரூபாய் பில்லைத் தேடவேண்டும். மாலை 7.42-க்கு ஒன்று இருந்தது. யூபிஐ வசூல் பட்டியலில் அந்த நேரத்தை ஒட்டி 1,245 ரூபாய் வரவு எதுவும் இல்லை. வாடிக்கையாளர் யூபிஐ என்று சொல்லியிருப்பார், காசாளர் பொத்தானை அழுத்தியிருப்பார், நெட்வொர்க் கிடைக்காமல் கடைசியில் நோட்டாகக் கொடுத்திருப்பார். பில்லைத் திருத்த யாருக்கும் நினைவில்லை. காசாளரிடம் கேட்டபோது அப்படி ஒன்று நடந்ததாகவே சொன்னார். ஒரே பில்லாகத் தொகை கிடைக்கவில்லையென்றால் இரண்டு பில் சேர்ந்து அந்தத் தொகை வருகிறதா என்று பார்க்கலாம். மூன்று, நான்கு பில்களைச் சேர்த்துப் பார்ப்பது வீண். எதையாவது சேர்த்தால் எதுவாவது வரும்.

இந்தச் சோதனைக்குக் கவுண்ட்டருக்கு ஒரு க்யூஆர் இருந்தாகவேண்டும். கடை முழுக்க ஒரே க்யூஆரை ஒட்டியிருந்தால் யூபிஐயில் 1,245 குறைவதுவரை தெரியும். யாருடைய கவுண்ட்டரில் என்று தெரியாது. ஷிப்ட் மாறும் நேரத்தையும் குறித்துவையுங்கள். வசூல் பட்டியலை அந்த நிமிடத்தில்தான் வெட்டவேண்டும்.

கார்டுக்கு ஒரு எச்சரிக்கை. வங்கியில் வரவான தொகையோடு ஒப்பிடாதீர்கள். கடன் அட்டைப் பரிவர்த்தனைகளுக்குக் கட்டணம் பிடித்துக்கொண்டு மீதிதான் வங்கிக்கு வரும். அதுவும் அன்றே வராது. ஸ்வைப் மெஷினில் எடுக்கும் செட்டில்மென்ட் சீட்டின் மொத்தத்தோடுதான் ஒப்பிடவேண்டும். வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாகப் பணம் போகும் யூபிஐக்கு 2020 ஜனவரி முதல் வணிகரிடம் அந்தக் கட்டணம் வாங்கப்படுவதில்லை என்பதால் அங்கே இந்தக் குழப்பம் குறைவு.

பில்லிங் மென்பொருளே தொகையை மெஷினுக்கு அனுப்பும் இணைப்பு இருந்தால் இவ்வகைத் தவறு பெரும்பாலும் ஒழிந்துவிடும். பணம் வந்தது உறுதியான பிறகே பில் முடியும். பொத்தான் ஒருபக்கம், மெஷினில் தொகை அடிப்பது ஒருபக்கம் என்று இருக்கும்வரை, ரொக்கத்தையும் யூபிஐயையும் கார்டையும் ஒரே தாளில் பக்கம் பக்கமாக வைத்துத்தான் படிக்கவேண்டும்.

ஐந்நூறும் ஐந்நூறும்: கை மாறியபோது எண்ணவில்லை

இரண்டாம் கவுண்ட்டரில் காலைக்கு 500 குறைவு, மாலைக்கு அதே 500 கூடுதல். ஒரே கவுண்ட்டரின் அடுத்தடுத்த ஷிப்டுகளில் தொகை இப்படிப் பொருந்தினால் சில்லறைத் தொகையைச் சந்தேகியுங்கள். அந்தக் கடையின் வழக்கப்படி காலைக் காசாளர் தன் தட்டில் 3,000 ரூபாயை விட்டுவிட்டு மீதியை எடுத்துப்போகவேண்டும். அவர் 3,500-ஐ விட்டுவிட்டார். மாலைக் காசாளர் எண்ணாமலே 3,000 பெற்றதாகக் கையெழுத்திட்டார்.

பணம் எங்கும் போகவில்லை. ஆனாலும் இதை அறிக்கையில் இரண்டு வரிகளாகவே வைத்திருங்கள். ஒன்றுக்கொன்று கழித்து இரண்டையும் பூஜ்யமாக்கினால் கைமாற்றும்போது எண்ணும் வழக்கம் இல்லை என்ற உண்மை மறைந்துவிடும். வித்தியாசத்தின் பக்கத்தில் ஒரு காரணப் பத்தியை வைத்து, அதில் 'சில்லறை கைமாற்றம்' என்று எழுதினால் போதும். மாத முடிவில் அதே காரணம் ஆறு முறை வந்திருந்தால், குறை காசாளர்களிடம் இல்லை. ஷிப்ட் மாற்றத்துக்கு நீங்கள் நேரம் ஒதுக்கவில்லை.

குறைவு 1,260: பணம் வழியில் இருந்தது

மூன்றாம் கவுண்ட்டர் மாலைக் காசாளருக்கு 1,260 குறைகிறது. அவருடைய யூபிஐயும் கார்டும் சரியாக இருக்கின்றன. பக்கத்துக் கவுண்ட்டரோடும் பொருந்தவில்லை. இப்படித் தனியாக நிற்கும் குறைவுக்குத் தொகையின் உருவத்தைப் பாருங்கள்.

நோட்டை மாற்றிக் கொடுத்த தவறுக்குச் சில அடையாளத் தொகைகள் உண்டு. 100 ரூபாய்க்குப் பதில் 500 கொடுத்திருந்தால் 400 குறையும். 20-க்குப் பதில் 200 கொடுத்திருந்தால் 180. 50-க்குப் பதில் 500 என்றால் 450. எழுதும்போது அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் 9-ஆல் வகுபடும். வவுச்சரில் 640 என்று இருந்ததை 460 என்று பதிந்தால் 180 இடிக்கும். 1,260-உம் 9-ஆல் வகுபடுகிறதே என்று தோன்றும். ஆனால் அடுத்தடுத்த இரண்டு இலக்கங்களை மட்டும் இடம் மாற்றி இந்தத் தொகையைக் கொண்டுவர முடியாது. அப்படி வரும் வித்தியாசம் 9, 90, 900 போன்ற ஒன்றின் ஒன்று முதல் ஒன்பது மடங்கு என்றுதான் இருக்கும். 9 என்பது ஒரு துப்பு, தீர்ப்பு அல்ல.

அடுத்து, 1,260 என்ற தொகையிலேயே அந்த ஷிப்டில் ஏதாவது பில் இருக்கிறதா என்று தேடவேண்டும். இருந்தது: ரொக்கம் என்று பதிந்த ஒரு ஹோம் டெலிவரி பில். பொருள் கடையை விட்டுப் புறப்படும்போதே பில் முடிந்துவிடுகிறது. பணமோ டெலிவரி பையன் திரும்பி வந்த பிறகுதான் வரும். அன்று அவர் திரும்பியபோது கவுண்ட்டர் மூடியிருந்தது. பணத்தை அலுவலகத்தில் ஒரு கவரில் போட்டு வைத்துவிட்டுப் போய்விட்டார். கவரின்மேல் எந்தக் குறிப்பும் இல்லை.

மொத்தம் 21 ரூபாய்தான் என்று விட்டிருந்தால் அந்தக் கவரை யாரும் தேடியிருக்க மாட்டார்கள். இரண்டு நாள் கழித்து அது யாருடைய பணம் என்று சொல்லவும் ஆள் இருந்திருக்காது. டெலிவரி பில்லுக்கு 'டெலிவரி பாக்கி' என்று தனிப் பணவகையை மென்பொருளில் உருவாக்கி, பணம் கைக்கு வந்ததும் ரொக்கமாக மாற்றுவதுதான் நிரந்தரத் தீர்வு.

நான்கு வரிகளும் விளங்கிவிட்டன. எஞ்சியது குறைவு 12, கூடுதல் 6. நிகரக் குறைவு 6 ரூபாய். அதுதான் அன்றைய உண்மையான வித்தியாசம்.

பூஜ்யத்தையும் படிக்கவேண்டும்

வித்தியாச அறிக்கையால் பிடிக்க முடியாத திருட்டு ஒன்று உண்டு. வாடிக்கையாளர் 800 ரூபாய் ரொக்கம் கொடுத்துவிட்டுப் பில்லை வாங்காமல் போகிறார். காசாளர் அந்தப் பில்லை ரத்து செய்துவிட்டு 800-ஐ எடுத்துக்கொள்கிறார். ரொக்க விற்பனையும் 800 குறைந்துவிட்டதால் இரவில் வித்தியாசம் பூஜ்யம். பொய்யான ரிட்டர்னும் இதே வேலையைச் செய்யும்.

ஆகவே ஒவ்வொரு காசாளர்-ஷிப்ட் வரியின் பக்கத்திலும் மூன்று எண்களை எழுதுங்கள்: ரத்தான ரொக்க பில்கள், ரொக்க ரிட்டர்ன்கள், பில் போடாமல் கல்லா திறக்கப்பட்ட தடவைகள். ஒருவருக்கு வித்தியாசம் எப்போதும் சுத்தமாக இருந்து, ரத்து மட்டும் மற்றவர்களைவிடப் பல மடங்கு இருந்தால், ரத்தான பில்களின் நேரத்தைக் குறித்துக்கொண்டு கேமராப் பதிவைப் பாருங்கள். பொருள் மேசையிலிருந்து திரும்பி வந்ததா, பையில் போனதா என்பது அதில் தெரியும். ரத்துக்கும் ரிட்டர்னுக்கும் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு கேட்கும்படி செய்து, அந்தப் பாஸ்வேர்டைக் காசாளர்களுக்குச் சொல்லாமல் இருப்பதே தடுப்பு.

நாள் தவறாமல் துல்லியமாகப் பூஜ்யம் காட்டுபவரிடமும் ஒரு வார்த்தை பேசவேண்டும். நூற்றுக்கணக்கான ரொக்க பில் போடுபவருக்கு இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய் அங்குமிங்கும் போவது இயல்பு. அது ஒருநாளும் வரவில்லையென்றால் கூடியதை ஒரு டப்பாவில் போட்டுவைத்துக் குறையும் நாளில் எடுத்து ஈடுகட்டுகிறார் என்று இருக்கலாம், அல்லது குறைந்ததைத் தன் பையிலிருந்து போடுகிறார் என்று இருக்கலாம். திட்டு வாங்கப் பயந்தவர்கள்தான் பெரும்பாலும் இதைச் செய்கிறார்கள். சிறிய வித்தியாசத்துக்குக் கேள்வி இல்லை என்று ஒரு எல்லையை, உதாரணமாக ஷிப்டுக்கு 20 ரூபாய் என்று, வெளிப்படையாக அறிவித்தால் இந்தப் பயம் போகும். எல்லைக்குள் இருந்தாலும் எழுதத் தவறக்கூடாது.

மாதத்தாள்

ஒரு நாள் அறிக்கை ஒரு தவறைக் காட்டும். ஒரு மாத அறிக்கை பழக்கத்தைக் காட்டும். காசாளர் எண் K04 என்று வைத்துக்கொண்டால் அவருடைய நிகரமும், குறைவு மட்டும், கூடுதல் மட்டும் தனித்தனியாக வேண்டும்:

```
=SUMIFS(M:M,D:D,"K04")
=SUMIFS(M:M,D:D,"K04",M:M,"<0")
=SUMIFS(M:M,D:D,"K04",M:M,">0")
```

ஷிப்ட் வாரியாகப் பார்க்க, அடைப்புக்குறிக்குள் கடைசியில் `,B:B,"மாலை"` என்று சேர்த்தால் போதும்.

ஒருவருக்கு மாதத்தில் குறைவு 2,900, கூடுதல் 2,865, நிகரம் 35 ரூபாய் குறைவு என்று வைத்துக்கொள்வோம். இன்னொருவருக்கு நிகரம் 1,900 குறைவு; எல்லாமே நூறும் இருநூறுமாக, கூடுதல் ஒரு நாளும் இல்லை. நிகரத்தை மட்டும் பார்த்தால் முதலாமவர் நல்லவர், இரண்டாமவர் மோசம். பிரித்துப் பார்த்தால் முதலாமவருக்குப் பணவகைப் பொத்தானிலும் சில்லறையிலும் பயிற்சி வேண்டும் என்பது தெரியும். இரண்டாமவரின் குறைவு ஒரே திசையில் போகிறது. அதற்குக் காரணம் தேடவேண்டும்.

தேடும்போது நியாயமாகத் தேடுங்கள். சில்லறை குறைவாகப் பெற்ற வாடிக்கையாளர் உடனே கேட்பார். அதிகமாகப் பெற்றவர் கவனிக்காமலே போய்விடுவதும் உண்டு. அதனால் நேர்மையான தவறுகூடக் குறைவின் பக்கமே சற்று சாயும். கூட்ட நேரத்தில் 400 பில் போடுபவரையும், மதிய அமைதியில் 120 பில் போடுபவரையும் ரூபாய்த் தொகையால் ஒப்பிடக்கூடாது. ரொக்க பில் எண்ணிக்கையால் வகுத்து ஒப்பிடுங்கள்.

அடுத்து, காசாளர்களைக் கவுண்ட்டர் மாற்றி இரண்டு வாரம் பாருங்கள். வித்தியாசம் ஆளோடு போனால் அவர் வேலை செய்யும் முறையைப் பாருங்கள். ஆள் மாறியும் கவுண்ட்டரிலேயே நின்றால் கல்லாவின் பூட்டு, சாவி யாரிடம், நோட்டு தட்டுக்குப் பின்னால் விழுகிறதா என்பவற்றைப் பாருங்கள். யார் உட்கார்ந்தாலும் மாலை ஷிப்டில் மட்டும் வந்தால், ஆறு முதல் ஒன்பதுவரை கவுண்ட்டர் போதவில்லை அல்லது சில்லறை தீர்ந்துபோய்க் காசாளர்கள் ஒருவர் கல்லாவிலிருந்து இன்னொருவர் கடன் வாங்குகிறார்கள். கடைசியாகச் சொன்னது மிகச் சாதாரணமாக நடப்பது. ஐந்து மணிக்கே ஒவ்வொரு கவுண்ட்டருக்கும் பத்து, இருபது ரூபாய்க் கட்டுகளைக் கொடுத்துவிட்டால் நின்றுவிடும்.

சம்பளத்தில் பிடிப்பதற்கு முன்

குறைந்த பணத்தை மாதக் கடைசியில் காசாளர் சம்பளத்தில் கழிப்பது பல கடைகளில் கேள்வியில்லாத வழக்கம். சட்டம் அதை அப்படி அனுமதிக்கவில்லை. 1936-ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டம் இதில் எடுத்த நிலையைத்தான், அதன் இடத்துக்கு வந்த 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பும் எடுக்கிறது. கணக்குக் காட்டவேண்டிய பணம் தொலைந்தால், அது அந்தத் தொழிலாளியின் அலட்சியத்தாலோ தவறாலோ நேரடியாக ஏற்பட்டதாக இருக்கவேண்டும். விளக்கம் சொல்ல அவருக்கு வாய்ப்புத் தரவேண்டும். இழப்புக்கு மேல் ஒரு ரூபாயும் பிடிக்கக்கூடாது. கூட்டு லாகினில் வந்த குறைவையோ, எண்ணாமல் கைமாறிய கல்லாவின் குறைவையோ ஒருவர்மேல் சுமத்த இந்த விதிகளில் இடமில்லை.

எனவே காரணப் பத்தி காலியாக இருக்கும் வரியை வைத்து யாரிடமும் பணம் கேட்காதீர்கள். எல்லைக்கு மேற்பட்ட வித்தியாசம் வந்த அன்றிரவோ, மறுநாள் ஷிப்ட் தொடங்குமுன்போ, காசாளரைத் தனியே உட்காரவைத்து நோட்டு விவரச் சீட்டையும் பில் பட்டியலையும் முன்னால் வைத்து, "அந்த நேரத்தில் என்ன நடந்தது, சொல்லுங்கம்மா" என்று கேளுங்கள். நெட்வொர்க் போன பில்லும் திரும்பி வந்த டெலிவரியும் ஒரு நாள்வரை நினைவில் இருக்கும். ஒரு வாரம் இருக்காது. அவர் சொன்னதை அவர் சொன்னபடியே காரணப் பத்தியில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். விளங்காதது மிஞ்சினால் 'காரணம் தெரியவில்லை' என்றே எழுதி, ரொக்கக் குறைவு-கூடுதல் என்ற தனிக் கணக்குத் தலைப்பில் பதியுங்கள். கூடுதலையும் அதே தலைப்பில்தான் பதியவேண்டும். அதைக் குறைவுக்கு ஈடுகட்ட எடுத்துவைத்தால் அடுத்த மாதத்தாள் பொய் சொல்லத் தொடங்கிவிடும்.